5, 6 அணு வளையங்கள் மட்டும் ஏன் இத்தனை வேகமாக மூடிக்கொள்கின்றன?

நெட்_தேர்வாளர் — மார்ச் 3, இரவு 9.12

வளையத் திரிபு அட்டவணையை வைத்துக்கொண்டு யோசித்தால் கணக்கு ஒத்துவரவில்லை. சைக்ளோஹெக்ஸேனுக்குத் திரிபு கிட்டத்தட்ட பூஜ்யம், சைக்ளோபென்டேனுக்கு மோலுக்கு 6 கிலோகலோரி. அப்படியானால் 6 அணு வளையம்தானே முதலில் வர வேண்டும்? ஆனால் புரோமோ அமிலத்தின் உப்பு தன் வாலையே கடித்து லாக்டோன் ஆகும் வினையில் 5 அணு வளையம்தான் முந்துகிறது. அதுவும் கொஞ்சநஞ்சம் அல்ல.

இன்னொன்று. சைக்ளோபியூட்டேனின் திரிபு 26, சைக்ளோஹெப்டேனின் திரிபு 6. ஆனால் அதே வினையில் 4 அணு லாக்டோன், 7 அணு லாக்டோனைவிட வேகமாக உருவாகிறதாம். திரிபு என்ற காரணமே பொய்யா, இல்லை நான் எதையாவது விட்டுவிட்டேனா?

---

கடைசி_பெஞ்ச் — மார்ச் 3, இரவு 9.40

இதில் குழப்பமே இல்லை. சங்கிலி எவ்வளவு குட்டையோ, இரண்டு முனைகளும் அவ்வளவு பக்கம். பக்கத்தில் இருந்தால் அடிக்கடி மோதும். அந்தக் கணக்குப்படி 3 அணு வளையம்தான் முதலில் வர வேண்டும், ஆனால் 3-க்கும் 4-க்கும் திரிபு குறுக்கே நிற்கிறது. ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது, இரண்டும் சந்திக்கும் இடம் 5, 6. அவ்வளவுதான். தூரம்தான் முக்கியம், திரிபு 3, 4-க்கு மட்டும்.

---

வடிகலன் — மார்ச் 3, இரவு 11.05

கடைசி பெஞ்ச் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பார்க்க நிஜமான எண்கள் வேண்டும். இத்தாலியில் இல்லுமினாட்டியும் மண்டோலினியும் இந்த ஒரே வினையை 3 அணு வளையத்திலிருந்து 23 அணு வளையம் வரை அளந்தார்கள். 50 டிகிரி, 99 சதவீத டிஎம்எஸ்ஓ, ஒரு முனையில் புரோமைடு, மறுமுனையில் கார்பாக்சிலேட். 8 அணு வளையத்தின் வேகத்தை 1 என்று வைத்தால்:

```
வளையம்    ஒப்பு வேகம்
3          21.7
4          5.4 × 10³
5          1.5 × 10⁶
6          1.7 × 10⁴
7          97.3
8          1.00
9          1.12
10         3.35
12         10.6
16         52.0
23         60.4
```

தூரம் மட்டும்தான் காரணம் என்றால் 8-க்குப் பிறகு வேகம் இறங்கிக்கொண்டே போக வேண்டும். 16 அணு வளையத்தின் சங்கிலி 8-ஐவிட இரண்டு மடங்கு நீளம், ஆனால் 52 மடங்கு வேகம். ஆகவே திரிபு 3, 4-க்கு மட்டுமல்ல. 8 முதல் 11 வரை உள்ள வளையங்களின் உள்ளே ஹைட்ரஜன்கள் வளையத்துக்குக் குறுக்கே ஒன்றையொன்று இடிக்கின்றன. பக்கத்துப் பிணைப்புகள் ஒன்றை ஒன்று மறைத்தபடி நிற்கின்றன. சைக்ளோஆக்டேனுக்குத் திரிபு 9.7, சைக்ளோநோனேனுக்கு 12.6, சைக்ளோடெக்கேனுக்கு 12.4. 12-ஐத் தொட்டதும் 4-க்குச் சரிகிறது, 14-இல் 2-க்கும் கீழே. இந்தப் பள்ளத்தாக்குதான் அட்டவணையில் 8, 9-இல் தெரிகிறது.

இரண்டாவது, நீங்கள் தூரம் என்று சொல்வதை நான் சுதந்திரம் என்று சொல்வேன். நேர்ச்சங்கிலியில் ஒவ்வொரு ஒற்றைப் பிணைப்பும் சுழல்கிறது. வளையம் மூடும் கணத்தில் அந்தச் சுழற்சிகள் எல்லாம் உறைய வேண்டும். 5 அணு லாக்டோனுக்கு 3 பிணைப்புகள் உறைய வேண்டும், 6-க்கு 4, 7-க்கு 5. ஒவ்வொன்றுக்கும் என்ட்ரோபியில் சுமார் 4 அலகு விலை, அதாவது மோலுக்கு ஒரு கெல்வினுக்கு 4 கலோரி. வேகத்தில் அது 7 மடங்கு இழப்பு.

திரிபு ஒரு பக்கம், உறையும் சுழற்சிகள் மறுபக்கம். இரண்டு விலையும் ஒருசேரக் குறைவாக இருக்கும் இடம்தான் 5, 6.

---

வடிகலன் — மார்ச் 3, இரவு 11.31

4 ஏன் 7-ஐ வெல்கிறது என்ற கேள்விக்கு மேலே பதில் சொல்லவில்லை. அட்டவணையில் இருப்பது முடிந்துபோன வளையத்தின் திரிபு. வேகத்தைத் தீர்மானிப்பது வினையின் உச்சியில், டிரான்சிஷன் ஸ்டேட்டில் இருக்கும் திரிபு. அங்கே புதிய பிணைப்பு பாதிதான் உருவாகியிருக்கிறது, நீளமாக, தளர்வாக. கார்பன்–புரோமின் பிணைப்பும் முழுசாக அறுபடவில்லை. கோணங்களை அந்த அளவுக்கு நசுக்க வேண்டிய தேவை இன்னும் வரவில்லை.

கணக்குப் போட்டால் புரியும். 50 டிகிரியில் 1 கிலோகலோரி கூடினால் வேகம் சுமார் 4.7 மடங்கு குறையும். 26 கிலோகலோரியும் உச்சியில் அப்படியே இருந்தால் வேகம் 10¹⁷ மடங்கு குறைந்திருக்கும். அப்படி ஒரு வினையை யாரும் பார்த்திருக்கவே முடியாது. ஆகவே அந்த 26-இல் சின்னப் பங்குதான் உச்சியில் தலைகாட்டுகிறது. அந்தச் சின்ன விலையைக் கொடுத்தாலும், உறைய வேண்டிய பிணைப்புகள் 2 மட்டுமே என்பதால் 4 பிழைத்துக்கொள்கிறது. 7-க்கு 5 பிணைப்பு உறைய வேண்டும்.

---

நெட்_தேர்வாளர் — மார்ச் 4, காலை 7.20

அண்ணா, இதையெல்லாம் ‘செயலுறு செறிவு’ என்ற ஒரே எண்ணாகச் சொல்கிறார்களே, அதன் அலகு மோலார். சக்சினிக் அமிலம் நீரிழந்து நீரிலி ஆவதற்கு 3 × 10⁵ மோலார் என்று படித்தேன். தூய நீரே 55 மோலார்தான். 3 லட்சம் மோலார் என்று எந்தப் புட்டியிலும் எதுவும் இருக்க முடியாதே. அச்சுப்பிழையா?

---

கடைசி_பெஞ்ச் — மார்ச் 4, காலை 8.02

அச்சுப்பிழையாகத்தான் இருக்கும். நான் போட்ட கணக்கு இது. ஒரு முனையை மையமாக வைத்து 5 ஆங்ஸ்ட்ராம் ஆரத்தில் ஒரு உருண்டை வரையுங்கள். மறுமுனை அதற்குள்ளேயே அலைகிறது என்று கொள்ளுங்கள். உருண்டையின் கொள்ளளவு 5.2 × 10⁻²⁵ லிட்டர். அதில் ஒரே ஒரு மூலக்கூறு என்றால் செறிவு 3.2 மோலார். 10 ஆங்ஸ்ட்ராம் என்றால் 0.4 மோலார். ஆக செயலுறு செறிவு சில மோலாருக்கு மேல் போக வழியில்லை.

---

வடிகலன் — மார்ச் 4, மாலை 6.48

கடைசி பெஞ்ச் போட்ட கணக்கு சரியானதே. அது எதற்கான கணக்கு என்பதில்தான் தவறு. அந்த 3.2 மோலார், ‘பக்கத்தில் இருப்பது’ என்ற ஒன்றுக்கு மட்டும் கிடைக்கும் பலன். சக்சினிக்கின் 3 × 10⁵ அச்சுப்பிழை அல்ல.

செயலுறு செறிவை யாரும் புட்டியில் அளப்பதில்லை. ஒரே மூலக்கூறுக்குள் நடக்கும் வினையின் வேக மாறிலியை, அதே இரண்டு தொகுதிகளும் தனித்தனி மூலக்கூறுகளில் இருக்கும்போது கிடைக்கும் வேக மாறிலியால் வகுக்கிறோம். சமநிலைக்கு என்றால் இரண்டு சமநிலை மாறிலிகளை. சக்சினிக் எண் சமநிலைக்கானது.

```
EM = k(உள்) / k(வெளி)
   = (நொடி⁻¹) / (மோலார்⁻¹ நொடி⁻¹)
   = மோலார்
```

அலகு அப்படித்தான் மோலார் என்று வந்து விழுகிறது. ‘வெளியே இருக்கும் துணையை எவ்வளவு செறிவில் ஊற்றினால் உள்ளே நடக்கும் வேகத்தை எட்டும்?’ என்ற கேள்விக்கு விடை அது. ஊற்றவே முடியாத அளவாக விடை வந்தாலும் கேள்வி பொருளுள்ளதுதான்.

3.2-க்கும் 3 லட்சத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்றால், இரண்டு தனி மூலக்கூறுகள் ஒன்றாகும்போது அவை இழப்பது தூரத்தை மட்டும் அல்ல. இரண்டாகத் திரிந்தவை ஒன்றாகத் திரிய வேண்டும், இரண்டாக உருண்டவை ஒன்றாக உருள வேண்டும். அந்த இயக்கங்களின் என்ட்ரோபி முழுவதும் போகிறது. ஒரே சங்கிலியில் இருப்பவை அந்த விலையை முன்பே, அந்தச் சங்கிலியைத் தயாரித்த நாளிலேயே கொடுத்துவிட்டன. பேஜும் ஜென்க்ஸும் 1971-இல் இதைக் கணக்கிட்டு, என்ட்ரோபி ஒன்றினால் மட்டுமே செயலுறு செறிவு 10⁸ மோலார் வரை போகலாம் என்று காட்டினார்கள். அது உச்சவரம்பு. சங்கிலியில் சுழலும் ஒவ்வொரு பிணைப்பும், உருவாகும் ஒவ்வொரு கிலோகலோரித் திரிபும் அதிலிருந்து கழியும்.

கடைசி பெஞ்ச் கணக்கில் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளாத இரண்டு பந்துகள். வினையில் அவை கட்டிக்கொள்கின்றன. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

---

கடைசி_பெஞ்ச் — மார்ச் 4, இரவு 7.15

சரி, புரிகிறது. மோதுவதற்கும் பிணைவதற்கும் ஒரே கணக்கைப் போட்டுவிட்டேன். அச்சுப்பிழை என்றதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம். சுழலும் பிணைப்பு ஒன்றுக்கு 7 மடங்கு இழப்பு என்றீர்கள். 12 அணு வளையத்துக்கு 10.6, 23-க்கு 60.4. 11 பிணைப்புகள் கூடுதலாக உறைந்தும் வேகம் ஏறியிருக்கிறதே?

---

வடிகலன் — மார்ச் 4, இரவு 10.20

நல்ல பிடி. அந்த 7 மடங்கை நான் எல்லா நீளத்துக்கும் பொதுவாகச் சொன்னது தவறு. சின்ன வளையத்தில் ஒரு பிணைப்பு உண்மையாகவே உறைகிறது, அசைய இடமே இல்லை. 16 அணு வளையத்தில் மூடிய பிறகும் சங்கிலி பல வடிவங்களில் நெளிந்துகொண்டிருக்கும். அங்கே ‘உறைதல்’ என்ற சொல்லே பொருந்தாது. இரண்டு முனைகள் மட்டும் ஓரிடத்தில் கட்டுப்படுகின்றன, நடுப்பகுதி முன்போலவே ஆடுகிறது. ஆகவே நீளமான சங்கிலியில் கூடுதல் அணுவுக்கு விலை மிகச் சொற்பம். திரிபும் ஒழிந்துவிடுவதால் 14-க்கு மேல் வேகம் ஏறக்குறைய சமதளம். 7 மடங்கு விதியை 7 அணு வளையம்வரை வைத்துக்கொள்ளுங்கள்.

---

சிரிஞ்சு_பம்ப் — மார்ச் 5, பிற்பகல் 2.33

என் பிரச்சினையும் இதுதான் என்று நினைக்கிறேன். 7-புரோமோஹெப்டனாயிக் அமிலம் 2.09 கிராம், அதாவது 10 மில்லிமோல். 100 மி.லி. டிஎம்எஸ்ஓ, பொட்டாசியம் கார்பனேட், 50 டிகிரி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டேன். 8 அணு லாக்டோன் வேண்டும், நிறை 128. மாஸில் 129 கண்ணுக்கே தெரியவில்லை. 257 பெரிதாக, 385 அதற்கடுத்து, மேலே இன்னும் ஒரு வரிசை. காரம் போதவில்லையா? சீசியம் கார்பனேட்டுக்கு மாறினால் சரியாகுமா?

---

அறுகோணம் — மார்ச் 5, மாலை 4.10

இது பால்ட்வின் விதி மீறல் மாதிரி இருக்கிறது. 1976-இல் அவர் சொன்னது, சில வளையங்கள் கோணம் கிடைக்காமல் மூடவே மாட்டா என்று. 5 அணு வளையமே எண்டோ வகையாக இருந்தால் தகராறு செய்யும். இழையின் தலைப்பே அந்த வகையில் தவறு, 5 எப்போதும் வேகம் அல்ல.

---

வடிகலன் — மார்ச் 5, மாலை 5.02

அறுகோணம், பால்ட்வின் விதிக்கு இந்த வினையில் வேலை இல்லை. வெளியேறும் புரோமைடு வளையத்துக்கு வெளியே தொங்குகிறது. கருக்கவர் தொகுதி பின்பக்கத்திலிருந்து நேர்கோட்டில் வர எந்தத் தடையும் இல்லை. எக்ஸோ-டெட் வகை எல்லா அளவிலும் அனுமதிக்கப்பட்டது. நீங்கள் சொல்லும் தகராறு, வெளியேறும் தொகுதி வளையத்துக்குள்ளேயே இருக்கும்போது வருவது. எஷன்மோஸர் 1970-இல் அப்படி 6 அணு வளையம் வழியாகப் போக வேண்டிய ஒரு மீதைல் மாற்றத்தைச் சோதித்தார். 6 அணு என்ற சலுகை இருந்தும் அது ஒரே மூலக்கூறுக்குள் நடக்கவில்லை, இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையேதான் நடந்தது. நேர்கோடு கிடைக்காவிட்டால் செயலுறு செறிவு உதவாது என்பதற்கு அது நல்ல சாட்சி. தலைப்புக்கு அது ஒரு நிபந்தனை, மறுப்பு அல்ல.

சிரிஞ்சு பம்ப், உங்கள் கோளாறு காரத்தில் இல்லை. 257 என்பது இரண்டு மூலக்கூறு சேர்ந்த 16 அணு வளையம், 385 மூன்று சேர்ந்தது. கணக்கு இப்படி. உள்வினைக்கும் வெளிவினைக்கும் உள்ள விகிதம், செயலுறு செறிவை அப்போதைய செறிவால் வகுத்தால் வரும். 16 அணு வளையத்துக்குச் செயலுறு செறிவு 0.01 மோலார் என்று ஒரு தோராய எண்ணை எடுத்துக்கொள்வோம். மேலே உள்ள அட்டவணைப்படி 8 அணு வளையம் அதைவிட 50 மடங்கு மோசம், ஆக 0.0002. நீங்கள் வைத்திருந்தது 0.1 மோலார். வளையம் ஒன்று உருவாகும் நேரத்தில் 500 தடவை பக்கத்து மூலக்கூறைப் பிடித்திருக்கும். சீசியம் போட்டால் இரண்டும் சேர்ந்து வேகமாகும், விகிதம் அப்படியே இருக்கும்.

செறிவைக் குறையுங்கள். 950 மி.லி. கரைப்பான் சூடாக இருக்கட்டும், 10 மில்லிமோலை 50 மி.லி.-இல் கரைத்து 10 மணி நேரத்தில் சொட்டுங்கள். ஒரு நொடிக்குச் சேரும் அளவு 2.8 × 10⁻⁷ மோலார். உள்வினை மாறிலியை 4 × 10⁻⁵ என்று வைத்தால் தேங்கும் செறிவு 0.007 மோலார். இன்னும் 35 மடங்கு அதிகம்தான்.

---

வடிகலன் — மார்ச் 5, இரவு 9.47

மேலே 0.007 என்று எழுதியதைத் திருத்துகிறேன். உள்வினை மட்டுமே சரக்கைத் தின்கிறது என்று வைத்துக் கணக்கிட்டுவிட்டேன். வெளிவினையும் தின்கிறதே. 0.0002-க்கு 4 × 10⁻⁵ என்றால் வெளிவினை மாறிலி 0.2. இரண்டையும் சேர்த்து எழுதினால்:

```
2.8e-7 = 4e-5·x + 0.2·x²
x = 0.0011 மோலார்
உள் : வெளி = 0.0002 : 0.0011 ≈ 1 : 5.5
```

வெளிவினையில் ஒரே தடவையில் இரண்டு மூலக்கூறுகள் செலவாவதற்கான 2 என்ற காரணியை விட்டிருக்கிறேன். ஆனாலும் படம் தெளிவு. 500-க்கு 1 என்று தோற்றது, 5.5-க்கு 1 ஆகியிருக்கிறது. அப்போதும் தோல்விதான். சரிபாதியாவது வேண்டும் என்றால் x 0.0002-க்கு இறங்க வேண்டும், அதற்கு அதே 10 மில்லிமோலை ஏறக்குறைய 7 நாள் சொட்ட வேண்டும். 50 டிகிரியில் கார்பனேட்டோடு அத்தனை நாள் வைத்தால் துளி ஈரம்கூட புரோமைடைத் தின்றுவிடும்.

இதே பம்ப், இதே 10 மணி நேரம், 15-புரோமோபென்டாடெக்கனாயிக் அமிலம் என்றால் மாறிலி 2 × 10⁻³, தேங்கும் செறிவு 0.00014, விகிதம் 70-க்கு 1 வளையத்துக்குச் சாதகம். அதில் வருவது கஸ்தூரி மணம் உள்ள பென்டாடெக்கனோலைடு. 16-ஐ மூடுவது 8-ஐ மூடுவதைவிட எளிது என்பதை இந்த ஒரு ஜோடியில் முழுசாகப் பார்க்கலாம். 4-புரோமோபியூட்டனோயேட்டுக்கோ 0.1 மோலாரிலும் எந்தக் கவலையும் இல்லை. அதன் செயலுறு செறிவு 8-ஐவிட 15 லட்சம் மடங்கு, அதாவது 300 மோலார். நீர்க்கவே வேண்டாம்.

---

சிரிஞ்சு_பம்ப் — மார்ச் 6, காலை 10.15

சரி, ஆனால் 257 நிச்சயமாக டைமர்தானா? 8 அணு லாக்டோனே இரண்டு சேர்ந்து ஒரு புரோட்டானைப் பிடித்தாலும் 257 வருமே.

---

வடிகலன் — மார்ச் 6, பிற்பகல் 1.30

இதைக் கேட்டது மிக நல்லது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மாதிரியை 100 மடங்கு நீர்த்து மறுபடி போடுங்கள். தற்காலிக ஜோடி என்றால் 257 மறைந்து 129 மேலே வரும். உண்மையான டைமர் என்றால் 257 அப்படியே நிற்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஜி.சி.-யில் விடுங்கள், வாயு நிலையில் அந்தத் தற்காலிக ஜோடி நிலைக்காது, 128-உம் 256-உம் தனித்தனி நேரத்தில் இறங்கும். உங்கள் விஷயத்தில் 385-உம் அதற்கு மேல் வரிசையும் இருப்பதால் நிஜ டைமர் என்றே தோன்றுகிறது. என்எம்ஆரில் மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், எஸ்டர் பக்கத்து மெத்திலீன் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும்.

---

நெட்_தேர்வாளர் — மார்ச் 6, இரவு 8.55

என் முதல் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. 5-க்கும் 6-க்கும் நடுவே 88 மடங்கு. கூடுதல் சுழற்சி ஒன்று 7 மடங்கைத் தின்றாலும் இன்னும் 12 மடங்கு மிச்சம். திரிபு அட்டவணைப்படி அது 6-க்குச் சாதகமாகத்தானே போக வேண்டும்?

---

வடிகலன் — மார்ச் 6, இரவு 11.18

நீங்கள் பார்ப்பது சைக்ளோஆல்கேன் அட்டவணை. லாக்டோன் சைக்ளோஹெக்ஸேன் அல்ல. எஸ்டரின் நான்கு அணுக்களும் ஒரே தளத்தில் இருக்க விரும்புகின்றன, நாற்காலி அமைப்புக்கு அது ஒத்துவராது. 6 அணு லாக்டோன் கோணலாக உட்கார வேண்டியிருக்கிறது. 5 அணு வளையம் முன்பே தட்டையானது, அதற்கு இந்த வருத்தம் குறைவு. இதற்குக் கண்ணால் பார்க்கும் சான்று உண்டு. டெல்டா-வேலரோலாக்டோன் எளிதாக வளையம் திறந்து பாலிமர் ஆகிறது. காமா-பியூட்டிரோலாக்டோன் சாதாரணமாக மசிவதே இல்லை. திரிபு இல்லாத வளையத்துக்குத் திறக்க ஆசை இருக்காது.

மேலும், 7 வரை உள்ள லாக்டோன்கள் எல்லாம் எஸ்டரை அதற்குப் பிடிக்காத பக்கம் திருப்பியே வைத்திருக்கின்றன. 10-க்கு மேல்தான் அது பிடித்த பக்கம் திரும்ப இடம் கிடைக்கிறது. ஹுயிஸ்கனும் ஓட்டும் 1959-இல் காட்டியது இது. 8, 9-இன் பள்ளத்தில் இதற்கும் பங்கு உண்டு.

அந்த 12 மடங்கு, ஆற்றலில் 1.6 கிலோகலோரி. அது முழுவதும் லாக்டோனின் கோணல்தான் என்று என்னால் சொல்ல முடியாது. உச்சியில் எஸ்டர் பாதிதான் உருவாகியிருக்கிறது, ஆகவே கோணலும் பாதிதான் தெரிய வேண்டும். மிச்சம் சங்கிலியின் ஹைட்ரஜன்கள் வளையும் இடத்தில் மறைத்து நிற்பதால் வரலாம்.

---

அறுகோணம் — மார்ச் 7, காலை 6.40

அப்படியானால் அமீனில் பாருங்கள். புரோமோ அமீன்கள் மூடும்போது எஸ்டர் கிடையாது, கார்பனைல் கிடையாது. அங்கேயும் 5 அணு பைரோலிடின், 6 அணு பிப்பெரிடினைவிடப் பல மடங்கு வேகம். எஸ்டரின் கோணல் மட்டுமே காரணம் என்றால் இது நடக்கக் கூடாது. 3-க்கும் 4-க்கும் உள்ள வரிசையோ தலைகீழ். லாக்டோனில் 4, 3-ஐவிட 250 மடங்கு வேகம். அமீனில் 3 அணு அசிரிடின், 4 அணு அசெட்டிடினை முந்துகிறது.

---

வடிகலன் — மார்ச் 7, மாலை 7.25

இது சரியான அடி. எஸ்டர் விளக்கம் எல்லாவற்றையும் சுமக்காது என்று ஒப்புக்கொள்கிறேன். அமீனில் 5 முந்துவதற்கு, நேர்கோட்டில் தாக்க வேண்டிய உச்சியின் வடிவம் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே கருக்கவர் அணுவும் கார்பனும் சாதாரணப் பிணைப்பைவிட விலகி நிற்கின்றன. அந்த நீண்ட பக்கத்தோடு 5 அணு வளையம் ஒரு 6 அணு வளையத்தின் வசதியைப் பெறுகிறது என்று பார்க்கலாம். இது வடிவத்தைப் பற்றிய ஊகம்தான், எண்ணாக நிறுவியது அல்ல.

3-க்கும் 4-க்கும் காரணம் இன்னும் தெளிவு. 3 அணு வளையத்தில் உறைய வேண்டியது ஒரே பிணைப்பு, முனைகள் எப்போதும் கைக்கெட்டும் தூரம். அதனால் அசிரிடினும் எபாக்ஸைடும் அத்தனை திரிபோடும் சுலபமாக வருகின்றன. 3 அணு லாக்டோனில் மட்டும் வளையத்துக்குள் ஒரு கார்பனைல் கார்பன் இருக்கிறது. அது 120 டிகிரி கேட்கும், கிடைப்பது 60. அந்தக் கூடுதல் விலைதான் அதை 4-க்குக் கீழே தள்ளுகிறது. ஆகவே ‘3 வேகமா, 4 வேகமா’ என்று வினையைச் சொல்லாமல் தேர்வில் கேட்டால், கேள்வியே குறைபட்டது.

---

கடைசி_பெஞ்ச் — மார்ச் 7, இரவு 9.03

சர்க்கரையில் ஏன் 6? குளுக்கோஸ் நீரில் 99 சதவீதத்துக்கு மேல் 6 அணு வளையமாகத்தானே இருக்கிறது. 5 வேகம் என்றால் 5 ஆக இருக்க வேண்டாமா?

---

வடிகலன் — மார்ச் 7, இரவு 10.36

வேகம் வேறு, நிலைப்பு வேறு. சர்க்கரையை மெத்தனாலிலும் அமிலத்திலும் போட்டு மணிக்கு மணி டி.எல்.சி. எடுத்தால் முதலில் தோன்றுவது 5 அணு ஃபியூரனோசைடு. நேரம் போகப் போக அது கரைந்து 6 அணு பைரனோசைடு நிரம்புகிறது. ஃபிஷர் முறையில் ஃபியூரனோசைடு வேண்டுமென்றால் சீக்கிரமே காரம் ஊற்றி நிறுத்துவது இதனால்தான். லாக்டோன் மூடும் வினை திரும்பி வருவதில்லை, புரோமைடு போனது போனதுதான், அதனால் வேகம் சொல்வதே முடிவு. சர்க்கரை வளையம் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது, அதனால் கடைசியில் திரிபு குறைந்தது வெல்கிறது. நாற்காலியின் நியாயம் அங்கே முழுசாகச் செல்லும்.

---

நெட்_தேர்வாளர் — மார்ச் 8, காலை 7.05

சங்கிலியில் மீதைல் தொகுதிகள் சேர்த்தால் வேகம் கூடும் என்ற தார்ப்–இங்கோல்ட் விளைவும் இதே கணக்குதானா?

---

வடிகலன் — மார்ச் 8, பிற்பகல் 12.50

பெரும்பாலும். அவர்கள் 1915-இல் சொன்னது கோணம் நசுங்குவதைப் பற்றி. பின்னால் புரூஸும் பண்டிட்டும் 1960-இல் அளந்த எஸ்டர்களில் சுழற்சியின் பங்கு பளிச்சென்று தெரிந்தது. குளூட்டரேட் எஸ்டர் 6 அணு நீரிலியாக மூடும் வேகத்தை 1 என்றால், நடுவில் இரண்டு மீதைல் வைத்ததும் 20. ஒரு கார்பன் குறைந்த சக்சினேட் 5 அணுவாக மூடுவது 230. இரண்டு வளையங்களால் இறுக்கிக் கட்டி, சுழலவே விடாமல் நிறுத்தியது 53,000. முனைகள் கூடும் நிலையிலேயே சங்கிலியை நிறுத்திவிட்டால், உறைய வேண்டியது எதுவும் மிச்சமில்லை. ஆனால் கடைசி எண் முழுவதும் என்ட்ரோபி அல்ல, தொடக்கத்திலேயே நெருக்கி வைத்ததில் விடுபடும் திரிபும் அதில் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரிப்பதில் இன்றும் கருத்து ஒத்துப்போகவில்லை.

---

சிரிஞ்சு_பம்ப் — மார்ச் 9, மாலை 5.44

100 மடங்கு நீர்த்துப் போட்டேன். 257 அப்படியே நிற்கிறது, 129 இல்லை. டைமர்தான். 7 நாள் பம்ப் வைக்க முடியாது, அந்த வழியை விட்டுவிடுகிறேன். சைக்ளோஹெப்டனோனை எடுத்து பேயர்–வில்லிகர் செய்து ஆக்சிஜனை உள்ளே செருகினால் அதே 8 அணு லாக்டோன் வருமல்லவா?

---

வடிகலன் — மார்ச் 9, இரவு 8.12

வரும். அங்கே முனைகள் ஒன்றையொன்று தேட வேண்டியதே இல்லை, வளையம் முன்பே மூடியிருக்கிறது, 7-ஐ 8 ஆக்குகிறீர்கள். என்ட்ரோபி விலை போய்விட்டது, திரிபு விலை மட்டும் மிச்சம். எம்சிபிபிஏ சைக்ளோஹெப்டனோனோடு மிக மெதுவாகத்தான் போகும், சைக்ளோஹெக்ஸனோன் போல நினைத்து சீக்கிரம் நிறுத்திவிடாதீர்கள். டிரைஃபுளூரோபெராசெட்டிக் அமிலம் வேகமானது. ஆனால் வெளிப்படும் அமிலம் அந்தத் திரிபு உள்ள லாக்டோனைத் திறந்துவிடும், கூடவே டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் போடுங்கள்.